பொட்டிலிருந்து முடி வரை

மாதத்தின் முதல் தேதி காலை காபி முடிந்ததும், திண்டுக்கல்லில் அந்த வீட்டு வாசல் திண்ணையில் ஒரு சின்ன வேலை நடக்கும். மாமியார் வெளிச்சத்தைப் பார்த்து உட்காருவார். மருமகள் பேரனின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை எடுத்து வந்து, மாமியாரின் நெற்றியில் நெட்டுக்குத்தாக வைப்பாள். பொட்டு வைக்கும் இடத்திலிருந்து முடி தொடங்கும் இடம் வரை எத்தனை சென்டிமீட்டர் என்று பார்த்து, பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் தேதி போட்டு எழுதுவாள்.

"எட்டு புள்ளி மூணு, அத்தை. போன மாசமும் அதேதான்."

"சரியாப் பாரும்மா."

"ரெண்டு தடவை பார்த்துட்டேன்."

மாமியார் எழுந்து குளிக்கப் போய்விடுவார். தெருவில் எல்லோருக்கும் அவர் டீச்சரம்மா. முப்பது வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவர், வயது இப்போது அறுபத்து ஒன்று. அந்த நோட்டில் ஒரே எண் திரும்பத் திரும்ப வருவதுதான் அவர் இன்றைக்கு எதிர்பார்க்கிற நல்ல செய்தி.

முதலில் போனது புருவம்தான். ரிட்டயர் ஆவதற்கு முந்தின வருஷம், ஒரு கல்யாணத்துக்காகப் பார்லருக்குப் போனபோது அங்கிருந்த பெண், "ஆன்ட்டி, த்ரெடிங் வேண்டாம். எடுக்கறதுக்கு ஒண்ணுமே இல்லையே" என்றாள். டீச்சரம்மா சிரித்துக்கொண்டார். ஐம்பது வயதில் மாதவிலக்கு நின்றபிறகு உடம்பில் எத்தனையோ மாறியிருந்தது, அதில் இதுவும் ஒன்று என்று விட்டுவிட்டார். ஐப்ரோ பென்சில் வாங்கி வரைந்துகொள்ள ஆரம்பித்தார்.

அடுத்து, நெற்றிப்பொட்டின் இரண்டு பக்கமும் காதோரமும் கன்னமும் சாம்பல் கலந்த கருப்பாக மாறின. மங்கு என்றார்கள். மெடிக்கலில் கேட்டு ஒரு க்ரீம் தடவினார், குறையவில்லை. நெற்றி அகலமாகிக்கொண்டு போனதை அவர் கவனிக்கவே இல்லை. கண்டுபிடித்தது மருமகள்தான். பேரனின் முதல் பிறந்தநாள் போட்டோவையும் ஐந்தாவது பிறந்தநாள் போட்டோவையும் போனில் அடுத்தடுத்துப் பார்த்தபோது, முதல் படத்தில் வகிட்டுக் குங்குமம் இருந்த இடம், அடுத்த படத்தில் வெறும் நெற்றியாக இருந்தது. தினமும் கண்ணாடி பார்த்து, முடி எங்கே தொடங்குகிறதோ அங்கே குங்குமம் வைத்துக்கொண்டே வந்தவருக்கு, அந்த இடம் பின்னால் நகர்ந்தது தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஆளுக்கொரு யோசனை. டை அடிப்பதை நிறுத்து என்றார் நாத்தனார். சின்ன வெங்காயச் சாறு, விளக்கெண்ணெய், கரிசலாங்கண்ணித் தைலம் என்று ஒரு வருஷத்துக்கு மேல் போனது. தைராய்டு பார்த்தார்கள், சரியாக இருந்தது. இரும்புச்சத்தும் குறைவில்லை. அந்த நாட்களில் அவரை வருத்தியது முடிகூட இல்லை. வழியில் பார்க்கிற பழைய சக ஆசிரியைகள் குரலைத் தாழ்த்தி, "உடம்புக்கு என்ன டீச்சர்? ட்ரீட்மென்ட் எதுவும் எடுக்கறீங்களா?" என்று கேட்டதுதான். புருவமில்லாத முகத்தைப் பார்த்தவர்கள் புற்றுநோய் என்று நினைத்துக்கொண்டார்கள். அவர் வெளியே போவதைக் குறைத்துக்கொண்டார்.

கடைசியில் முடி வளர்க்கும் கிளினிக் ஒன்றுக்குப் போனார்கள். அங்கே இருந்தவர் தலையை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, பின்னந்தலையிலிருந்து முடி எடுத்து முன்னால் நட்டுவிடலாம் என்றார். லட்ச ரூபாய்க்கு மேல் ஆகும், அன்றைக்கே முன்பணம் கட்டினால் தள்ளுபடி. டீச்சரம்மா பையைத் திறந்துவிட்டார். மருமகள்தான், "ஏன் கொட்டுச்சுன்னு அவர் சொல்லவே இல்லையே அத்தை. அதைத் தெரிஞ்சுக்காம நட்டு என்ன ஆகப்போகுது?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கேள்வியோடுதான் இருவரும் மதுரையில் ஒரு தோல் மருத்துவரிடம் போனார்கள்.

அந்த மருத்துவர் முதலில் தலையைத் தொடவே இல்லை. "புருவத்தை நல்லா மேல தூக்குங்கம்மா" என்றார். நெற்றியில் சுருக்கங்கள் விழுந்தன. சுருக்கம் ஓரிடத்தில் நின்றது. அதற்கு மேல், முடி வரை இரண்டு விரல் அகலத்துக்குச் சுருக்கமே இல்லாமல், வெளிறி, வழவழவென்று ஒரு பட்டை. "சுருக்கம் நிக்கற இடம்தான் உங்க பழைய முடி எல்லை. அதுக்கு மேல இருக்கறது நெற்றி இல்லை, முடி போன தலை" என்றார்.

பிறகு டெர்மாஸ்கோப் என்கிற உருப்பெருக்கியை வைத்துப் பார்த்து, அதில் தெரிந்ததை மருமகளுக்கும் காட்டினார். அந்த வழவழப்பான பட்டையில் முடி முளைக்கும் துவாரங்களே இல்லை, அடைந்துபோயிருந்தன. நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தனித்து நின்ற நீள முடிகள். எல்லையில் இருந்த முடிகளின் அடியைச் சுற்றிச் சிவப்பு, மெல்லிய வெள்ளைச் செதில். "இங்கே அரிக்குமே?" என்று கேட்டார். அரித்தது, பொடுகு என்று நினைத்திருந்தார் டீச்சரம்மா. கைகளைத் திருப்பிப் பார்த்தார் மருத்துவர். முழங்கைக்குக் கீழே ஒரு முடிகூட இல்லை. அது எப்போது போனது என்று டீச்சரம்மாவுக்கே தெரியாது.

எல்லையில், முடி இன்னும் இருந்து சிவந்திருந்த இடத்தில், மரத்துப்போக ஊசி போட்டு மிளகு அளவுக்குத் தோலை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். வழவழப்பான இடத்தில் எடுத்தால் வெறும் தழும்புதான் தெரியும், நோய் வேலை செய்வது எல்லையில்தான் என்றார். பத்து நாளில் முடிவு வந்தது. ஃப்ரன்டல் ஃபைப்ரோசிங் அலோபீசியா. முன்னந்தலையில் முடிவேர் தழும்பாகி இறுகிப்போகும் நோய்.

1994-ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஸ்டீவன் கொசார்ட் என்ற தோல் மருத்துவர், மாதவிலக்கு நின்ற ஆறு பெண்களிடம் இதைப் பார்த்துத் தனி நோயாக எழுதினார். அதன் பிறகு உலகம் முழுக்கக் கண்டுபிடிக்கப்படுகிறது. பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு வருகிறது. இளம்பெண்களுக்கும் ஆண்களுக்கும் அபூர்வமாக வருவதுண்டு. கருத்த தோல்காரர்களில் பலருக்கு முகத்தில் சாம்பல் கருப்புப் படிவதே இதன் முன்னறிவிப்பாக இருக்கிறது. லைக்கன் பிளேனஸ் பிக்மென்டோசஸ் என்று அந்தப் படிவுக்குப் பெயர். டீச்சரம்மா மங்கு என்று க்ரீம் போட்டுக்கொண்டிருந்தது இதற்குத்தான்.

"அப்போ முடி மறுபடி வருமா டாக்டர்?"

மருத்துவர் உடனே பதில் சொல்லவில்லை. "வயல்ல கோரை பார்த்திருப்பீங்க. மேல அறுத்தா திரும்ப முளைக்கும், ஏன்னா அடியில கிழங்கு இருக்கு. முடிக்கும் அப்படி ஒரு கிழங்கு உண்டு. தோலுக்குள்ளே முடிக்குழியோட பக்கவாட்டுல ஒரு சின்னப் புடைப்பு. புதுசா முடி வளர்க்கற ஸ்டெம் செல் எல்லாம் அங்கேதான் இருக்கு. சாதாரணமா முடி கொட்டும்போது அது தப்பிச்சுடும், அதனால முடி திரும்ப வரும். இந்த நோய்ல உடம்போட வெள்ளணுக்களே அந்தக் கிழங்கைத்தான் தாக்குது. அது செத்துட்டா அந்தக் குழி தழும்பாகி மூடிக்கும். மூடின குழியில இனிமே முடி வராதும்மா. இன்னும் மூடாததைக் காப்பாத்தலாம். நாம செய்யப்போறது அதைத்தான்."

ஏன் தாக்குகிறது? மரபணுவில் சில இடங்களுக்குத் தொடர்பு இருப்பதாக 2019-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஹார்மோன் மாற்றத்துக்கும் பங்கு இருக்கலாம். இந்த நோயாளிகள் பலர் சன்ஸ்க்ரீனும் முகக் க்ரீமும் அதிகம் பயன்படுத்தியதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன, ஆனால் அவைதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. ஒட்டுவாரொட்டி இல்லை. டை அடித்ததாலும் எண்ணெய் வைக்காததாலும் வந்ததில்லை. நாத்தனாருக்குச் சொல்ல ஒரு பதில் கிடைத்ததில் டீச்சரம்மாவுக்குச் சின்ன ஆறுதல்.

நடவு பற்றி மருமகள் கேட்டாள். நோய் வேலை செய்துகொண்டிருக்கும்போது நட்டால், நட்ட முடியையும் அது தின்றுவிடும் என்றார் மருத்துவர். இரண்டு வருஷமாவது நோய் அடங்கியிருந்தால் யோசிக்கலாம். அப்போதும், முதல் வருஷம் நன்றாக நின்ற முடி பின்னால் வருஷம் போகப்போக உதிர்ந்துவிடுவது உண்டு. புருவத்தில் பச்சை குத்துவது மாதிரி செய்கிற மைக்ரோபிளேடிங்கும் இப்போது வேண்டாம், சிவப்பு அடங்கட்டும் என்றார்.

அன்றைக்குத்தான் முதல் அளவு எடுத்தார்கள். புருவமே இல்லாதவருக்கு எங்கிருந்து அளப்பது? வருஷக்கணக்கில் ஸ்டிக்கர் பொட்டு வைத்து, அந்த இடத்தில் ஒரு வெளுத்த புள்ளி விழுந்திருந்தது. "இது நகராது, இங்கேயிருந்தே அளப்போம்" என்றார் மருத்துவர். முடி எல்லை வரை 7.8 சென்டிமீட்டர். சுருக்கம் நின்ற பழைய எல்லை வரை 5.8. டீச்சரம்மா உட்கார்ந்த இடத்திலேயே கணக்குப் போட்டார். மூன்று வருஷத்தில் இரண்டு சென்டிமீட்டர், மாதத்துக்கு அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கண்ணாடியில் தெரியாமல் போனதில் வியப்பில்லை.

வைத்தியம் நான்கு விதமாகத் தொடங்கியது. முதலாவது ஊசி. ட்ரையம்சினலோன் என்கிற ஸ்டீராய்டை நீர்த்து, முடி எல்லையை ஒட்டி ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றாக, தோலுக்குள் துளித்துளியாகப் போடுவார்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை. புருவத்துக்கு இன்னும் அதிகமாக நீர்த்துப் போடுவார்கள். வலிக்கும். ஒரே இடத்தில் அதிகம் போனால் தோல் மெலிந்து குழி விழும் என்பதால், ஒவ்வொரு முறையும் மருத்துவர் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஊசியை எடுப்பார். இரண்டாவது, ராத்திரி எல்லையில் தடவ டாக்ரோலிமஸ் களிம்பு. ஸ்டீராய்டு இல்லாதது, தோலை மெலிய வைக்காது, முதல் வாரம் எரியும்.

மூன்றாவது ஹைட்ராக்ஸி குளோரோகுயின் மாத்திரை. மலேரியாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுப்பது, இங்கே வெள்ளணுக்களின் வேகத்தைத் தணிக்க. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. டீச்சரம்மா 52 கிலோ, அதனால் நாளுக்கு 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. இந்த மாத்திரை நீண்ட நாளில் விழித்திரையைப் பாதிக்கலாம் என்பதால், தொடங்கும்போதே கண் மருத்துவரிடம் அனுப்பினார். ஐந்து வருஷத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் கண்ணைப் பார்த்தாக வேண்டும்.

நான்காவதுதான் கலாட்டா. டூட்டாஸ்டரைடு, 0.5 மில்லிகிராம் கேப்ஸ்யூல். மெடிக்கலில் இருந்த பையன் பழைய மாணவன். சீட்டைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது ப்ராஸ்டேட்டுக்குக் கொடுக்கறது. சாருக்கா?" என்றான்.

"எனக்குத்தான்டா."

அவன் சீட்டையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் சொன்னதில் தப்பில்லை. அது ஆண்களின் ப்ராஸ்டேட் வீக்கத்துக்காக வந்த மருந்து. ஆண் ஹார்மோனின் வீரியமான வடிவம் உடம்பில் உருவாவதைக் குறைக்கும். பெண்களுக்கும் அந்த ஹார்மோன் கொஞ்சம் உண்டு. மாதவிலக்கு நின்ற பெண்களிடம் இந்த நோயை நிறுத்துவதில் நல்ல பலன் கண்ட மருந்துகளில் இது ஒன்று. கொடுப்பதற்கு முன் மார்பகப் புற்றுநோய் வந்ததுண்டா என்று மருத்துவர் கேட்டிருந்தார். கருத்தரிக்கக் கூடிய பெண்கள் இதைச் சாப்பிடக்கூடாது, உடைந்த கேப்ஸ்யூலைக் கையால் தொடவும் கூடாது, வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையானால் அதன் உறுப்பு வளர்ச்சியைக் கெடுக்கும். மருமகள் இரண்டாவது குழந்தைக்கு முயன்றுகொண்டிருந்தாள். அன்றிலிருந்து அந்த டப்பா டீச்சரம்மாவின் பீரோவில், பூட்டி. வீட்டில் எல்லா மாத்திரையும் எடுத்துக் கொடுக்கிற மருமகள் அதை மட்டும் தொடுவதில்லை.

மூன்றாம் மாதம் அளந்தபோது 8.0. டீச்சரம்மா ஸ்கேலைப் பிடுங்கி வைத்துவிட்டார். "இவ்வளவு ஊசியும் போட்டு ரெண்டு மில்லிமீட்டர் போயிருக்கே!" மருத்துவர் எதிர்பார்த்துத்தான் இருந்தார். மருந்து வேலை செய்ய ஆறு மாதமாவது வேண்டும், ஏற்கெனவே அடிபட்ட வேர்கள் எப்படியும் போகும் என்றார். முதலில் அளவு நிற்காது, சிவப்பும் செதிலும் அரிப்பும்தான் குறையும். டெர்மாஸ்கோப்பில் அது தெரிந்தது. அரிப்பு நின்றிருப்பதை அவர் கேட்டபிறகுதான் டீச்சரம்மாவும் உணர்ந்தார். ஆறாம் மாதம் 8.1. ஒன்பதாம் மாதம் 8.1. ஒரு வருஷம் நிறைந்தபோதும் 8.1.

வலது புருவத்தின் உள்முனையில் ஏழெட்டு முடி முளைத்தது. மூடாத குழிகள் அங்கே கொஞ்சம் மிச்சமிருந்திருக்கின்றன. இடது பக்கம் ஒன்றும் வரவில்லை.

அப்புறம் ஒரு தப்பு நடந்தது. பெங்களூரில் மகளுக்குப் பிரசவம். டீச்சரம்மா நான்கு மாதம் அங்கே இருந்தார். கையில் இருந்த மாத்திரை தீர்ந்தது. நோய்தான் நின்றுவிட்டதே, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். திரும்பி வந்த வாரம் நெற்றியோரம் அரித்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்தார், போகவில்லை. முதல் தேதி மருமகள் அளந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நோட்டை நீட்டினாள். 8.3.

"நாலு மாசத்துல ரெண்டு மில்லிமீட்டர்" என்றார் டீச்சரம்மா. "இது எனக்கு நானே போட்டுக்கிட்ட கணக்கு."

மருத்துவர் திட்டவில்லை. இந்த நோய் சிலருக்கு வருஷங்கள் கழித்துத் தானே அடங்கும், ஆனால் யாருக்கு, எப்போது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் மருந்தை நிறுத்துவதாக இருந்தால் ஒவ்வொன்றாக, அளந்து பார்த்துக்கொண்டே குறைக்க வேண்டும், ஒரேயடியாக விடக்கூடாது என்றார். பழையபடி எல்லாம் தொடங்கின. இப்போது ஏழு மாதமாக 8.3. ஊசி மூன்று மாதத்துக்கு ஒருமுறையாகக் குறைந்திருக்கிறது.

டீச்சரம்மா இதைத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை. கோயிலில், ரேஷன் கடையில், தனக்கு முன்னால் நிற்கும் பெண்களின் நெற்றியோரத்தைப் பார்ப்பார். வயதானால் வகிடு அகலமாகும், ஆனால் முன் எல்லை அப்படியே இருக்கும், அது வேறு. இறுக்கிப் பின்னிப் பின்னிக் காதோரம் ஏறினால், அந்த ஓரத்தில் பூனைமுடி மிச்சமிருக்கும், அதுவும் வேறு. இந்த நோயில் பூனைமுடிதான் முதலில் போகும். எல்லை வெட்டிவிட்ட மாதிரி தெரியும், புருவமும் கூடவே போயிருக்கும். போன மாதம் எதிர்வீட்டுப் பெண்மணி, ஐம்பத்து நான்கு வயது, "என்னமோ டீச்சர், புருவம் தேயுது, வயசாச்சுல்ல" என்றார். டீச்சரம்மா அவரை வெளிச்சத்துக்குக் கூட்டிவந்து நிறுத்தினார்.

"புருவத்தை மேல தூக்கு, பார்ப்போம்."

சுருக்கத்துக்கும் முடிக்கும் நடுவே அரை விரல் இடைவெளிதான் இருந்தது. அன்று சாயங்காலமே மதுரை மருத்துவரின் போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டார். தனக்கு இரண்டு சென்டிமீட்டர் போனபிறகு தெரிந்தது, இவளுக்கு அரை சென்டிமீட்டரிலேயே தெரிந்துவிட்டது என்று மருமகளிடம் சொன்னார்.

இப்போதெல்லாம் அவர் பென்சிலால் புருவம் வரைந்து, முன்முடியைச் சற்று முன்னால் இழுத்துச் சீவிக்கொண்டு, பழையபடி கோயிலுக்கும் சங்கக் கூட்டத்துக்கும் போகிறார். என்ன உடம்புக்கு என்று யாராவது தாழ்ந்த குரலில் கேட்டால், நோயின் முழுப் பெயரையும் சத்தமாகச் சொல்கிறார். வகிட்டில் குங்குமம் வைக்கும் இடம் மாறிவிட்டது. மாறிய இடத்திலேயே அது ஏழு மாதமாக நிற்கிறது.